தொலைந்த பெட்டியும் ஆங்கிலக் கடிதமும்

சென்னையிலிருந்து ஜெர்மனியில் இருக்கும் மகனைப் பார்க்கப் போகிறார் ஓர் அம்மா. வளைகுடாவில் விமானம் மாறி ஃப்ராங்க்ஃபர்ட்டில் இறங்குகிறார். போட்ட இரண்டு பெட்டிகளில் ஒன்றுதான் வந்து சேர்கிறது. ஒரு மாதம் பொறுத்துவிட்டு, விமான நிறுவனத்துக்கு ஆங்கிலத்தில் எழுதித் தரச் சொல்லி, தெரிந்த ஒருவரிடம் குறிப்பு கொடுக்கிறார். இப்படிப்பட்ட குறிப்பு பெரும்பாலும் இந்த மாதிரிதான் இருக்கும்:

“3-ந் தேதி விடியகாலை கிளம்பினேன். ரெண்டு பெட்டி. நீலப் பெட்டி வரல. நாளைக்கு வந்துரும்னாங்க. குளிர் தாங்கல, ஸ்வெட்டர், ஷூ வாங்க வேண்டியதாப் போச்சு, மகன் கார்டுல. தினம் போன், ஒழுங்கா பதில் இல்ல. உள்ள பட்டுப்புடவை நாலு, மத்த துணி, தங்கச் செயின் ஒண்ணு. ரொம்ப மன உளைச்சல். பணம் தரணும்.”

இதை வரிக்கு வரி ஆங்கிலத்தில் போட்டால் வருத்தம் புரியும், பணம் வராது. அந்தக் கடிதத்தைப் படிப்பவர் இழப்பீட்டுப் பிரிவில் ஒரு நாளைக்கு எத்தனையோ கடிதம் பார்க்கும் ஊழியர். அவர் தேடுவது குறிப்பில் இல்லாத இரண்டு எண்களை.

ஒன்று, பி.ஐ.ஆர். எண். பெட்டி வரவில்லை என்றதும் பேகேஜ் கவுண்டரில் பதிவு செய்து தரும் தாளில் அது இருக்கும். ஐந்து எழுத்தும் ஐந்து இலக்கமும் கொண்டது. இங்கே முதல் மூன்று எழுத்து ஃப்ராங்க்ஃபர்ட்டைக் குறிக்கும் FRA. அடுத்த இரண்டும் விமான நிறுவனத்தின் குறி. மற்றொன்று, செக்-இன் செய்யும்போது போர்டிங் பாஸில் ஒட்டிக் கொடுக்கும் பேகேஜ் சீட்டின் பத்து இலக்க எண். இரண்டு பெட்டிக்கு இரண்டு சீட்டு இருக்கும். தொலைந்த நீலப் பெட்டியின் எண் எது என்று பார்த்து எழுத வேண்டும். இந்த இரண்டு எண்ணும் விமான எண்களும் பயணத் தேதியும் கடிதத்தின் தலைப்பிலேயே வந்துவிட வேண்டும்.

அடுத்து, “நாளைக்கு வந்துரும்னாங்க.” யார் சொன்னது, எங்கே, என்றைக்கு? தமிழ்ப் பேச்சில் ஆளைச் சொல்லாமலே வாக்கியம் முடிந்துவிடும். கேட்பவருக்கும் குறையாகத் தெரியாது. அப்படியே ஆங்கிலத்துக்குப் போனால், பெயரில்லாத யாரோ எப்போதோ சொன்னதாக நிற்கும். எழுதித் தருபவர் அம்மாவிடம் கேட்டு, “நவம்பர் 3 பிற்பகல், ஃப்ராங்க்ஃபர்ட் விமான நிலையத்தில் உங்கள் பேகேஜ் கவுண்டர் ஊழியர், பெட்டி மறுநாள் வரும் என்றார்” என்று நிரப்ப வேண்டும். “தினம் போன்” என்பதும் அப்படித்தான். மகனின் போனில் உள்ள அழைப்புப் பட்டியலைப் பார்த்து மூன்று நான்கு தேதிகளைக் குறிப்பிட்டால் போதும்.

தேதிகள் இவ்வளவு முக்கியமாவதற்குக் காரணம் 1999-ஆம் ஆண்டின் மாண்ட்ரியல் உடன்படிக்கை. பன்னாட்டு விமானப் பயணத்தில் பெட்டி தொலைந்தால் யார் எவ்வளவு தர வேண்டும் என்பதை அதுதான் சொல்கிறது. இந்தியா 2009-இல் அதில் சேர்ந்தது. ஜெர்மனியும் அதில் உண்டு. வந்து சேர வேண்டிய நாளிலிருந்து 21 நாள் கழித்தும் பெட்டி வராவிட்டால், அது தொலைந்ததாகவே கருதி இழப்பீடு கேட்கலாம். நிறுவனமே தொலைந்துவிட்டது என்று ஒப்புக்கொண்டால் அதுவரை காத்திருக்கவும் வேண்டாம். நம் கணக்கில் நவம்பர் 24-உடன் அந்தக் கெடு முடிந்துவிட்டது. ஆகவே “தயவுசெய்து தேடித் தாருங்கள்” என்று எழுதும் கட்டம் தாண்டிவிட்டது. இது இழப்பீட்டுக் கடிதம்.

பெட்டி தாமதமாகக் கிடைத்திருந்தால் நிலைமை வேறு. கைக்கு வந்த நாளிலிருந்து 21 நாளுக்குள், உடைந்து வந்திருந்தால் 7 நாளுக்குள், எழுத்து மூலம் புகார் போயாக வேண்டும். தவறினால் பிறகு வழக்குப் போடும் உரிமையே போய்விடும். எந்த வகையானாலும் வழக்குக்கு இரண்டு ஆண்டுதான் அவகாசம்.

எவ்வளவு கேட்கலாம்? உடன்படிக்கையின் உச்சவரம்பு 2024 டிசம்பர் 28 முதல் ஒரு பயணிக்கு 1,519 எஸ்.டி.ஆர். இது பன்னாட்டு நிதியத்தின் கணக்கு அலகு. ஏறக்குறைய இரண்டாயிரம் அமெரிக்க டாலர் வரும். இது பெட்டிக்கு இவ்வளவு என்ற கணக்கல்ல, ஆளுக்கு. உச்சவரம்பு என்பதால் தானாகக் கிடைக்கும் தொகையும் அல்ல. இழந்ததைக் காட்டினால்தான் கிடைக்கும்.

அதனால் பட்டியல் தேவை. பட்டுப்புடவை நான்கு, 38,000 ரூபாய், கடை பில் உண்டு. மற்ற துணிகள், 12,000 ரூபாய், இரண்டு வருடப் பழசு, பில் இல்லை. பெட்டி, 6,500 ரூபாய், போன வருடம் வாங்கியது. ஃப்ராங்க்ஃபர்ட்டில் வாங்கிய ஸ்வெட்டரும் ஷூவும் 142 யூரோ, ரசீது உண்டு, அம்மாவுக்காக மகன் கட்டியது. பழைய பொருளுக்கு நிறுவனம் தேய்மானம் கழிக்கும் என்பதால், வாங்கிய வருடத்தைப் போடாமல் விட்டால் அவர்களே ஒரு கணக்குப் போட்டுக் குறைத்துவிடுவார்கள். பில் இல்லாத பொருளுக்கு வங்கி ஸ்டேட்மென்ட்டோ, அதை உடுத்தி எடுத்த போட்டோவோ கைகொடுக்கும்.

செயின்தான் சிக்கல். நகை, பணம் போன்றவற்றைச் செக்-இன் பெட்டியில் வைக்கக் கூடாது என்று நிறுவனங்கள் பயண நிபந்தனையில் எழுதி வைத்திருக்கின்றன. அதைக் காட்டி மறுப்பார்கள். பொறுப்பைத் தட்டிக் கழிக்கும் நிபந்தனை செல்லாது என்று உடன்படிக்கையும் சொல்வதால் வாதாட இடமுண்டு. அதனால் செயினை மறைக்கவும் வேண்டாம், மற்றதோடு கலக்கவும் வேண்டாம். தனி வரியில், தனித் தொகையாகக் காட்டினால், அதில் இழுபறி வந்தாலும் மற்ற தொகை தேங்காது.

மன உளைச்சலுக்குத் தனியாகப் பெரிய தொகை கேட்பதிலும் பயனில்லை. பொருள் இழப்பும் மன வேதனையும் சேர்ந்தே அந்த உச்சவரம்புக்குள் அடங்கும் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2010-இல் தீர்ப்பளித்திருக்கிறது. பொங்கலுக்கு மருமகள் கட்டவிருந்த புடவை என்பதெல்லாம் ஒரு வாக்கியத்துக்கு மேல் போக வேண்டாம்.

கடைசிப் பத்தியில்தான் நம் மனு எழுதும் பழக்கம் தலைகாட்டும். தாசில்தாருக்கு எழுதுவதுபோல, கருணை கூர்ந்து ஆவன செய்யுமாறு தாழ்மையுடன் வேண்டுவோம். ஆங்கிலத்தில் அது சலுகை கேட்பதாக ஆகிவிடுகிறது. வசவும் உதவாது. “மாண்ட்ரியல் உடன்படிக்கையின் 17-ஆம் பிரிவின்படி, செயின் நீங்கலாக 56,500 ரூபாயும் 142 யூரோவும் கோருகிறேன், செயினுக்கான தொகை தனியே தரப்பட்டுள்ளது, 30 நாளுக்குள் எழுத்து மூலம் பதில் வேண்டும்” என்ற அளவில் மரியாதையாக முடிக்கலாம். பி.ஐ.ஆர். தாள், பேகேஜ் சீட்டு, டிக்கெட், ரசீதுகள் ஆகியவற்றின் நகல்கள் கூடவே போக வேண்டும். அசல் வீட்டிலேயே இருக்கட்டும்.

இரண்டு நிறுவன விமானங்களில் மாறிப் போயிருந்தால், ஃப்ராங்க்ஃபர்ட்டுக்குக் கொண்டு வந்து இறக்கிய நிறுவனத்துக்கு எழுதுவதே வழக்கம். பதில் வராவிட்டால் இந்திய விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் AirSewa தளத்தில் புகார் பதியலாம். அடுத்தது வழக்குதான். சென்னையிலிருந்து போய்வர எடுத்த ரிட்டர்ன் டிக்கெட் என்றால், சட்டப்படி சேருமிடமே சென்னை. இங்கேயே வழக்குப் போடலாம். பெரும்பாலும் அதற்கு முன்பே ஒரு சிறு தொகையோ அடுத்த பயணத்துக்கான வவுச்சரோ தர முன்வருவார்கள். அதோடு வரும் படிவத்தில், இத்துடன் எல்லாக் கோரிக்கையும் தீர்ந்தது என்ற வரி இருக்கிறதா என்று பார்க்காமல் அம்மா கையெழுத்துப் போடக் கூடாது.