நிரம்பிய தொட்டியும் காலித் தொட்டியும்

2001 ஜனவரி 26 அன்று குஜராத்தின் கட்ச் பகுதியை உலுக்கிய பூகம்பத்தில், சோபாரி கிராமத்தின் 2.65 லட்சம் லிட்டர் மேல்நிலைத் தொட்டி சரிந்தது. அதைத் தாங்கியது ஒரே உருளையான கான்கிரீட் தண்டு. அந்த வட்டாரத்தில் இதே வடிவில் நின்ற பல தொட்டிகளில், தண்டின் அடிப்பகுதியைச் சுற்றி வளையமாக விரிசல் ஓடியிருந்தது. இவற்றின் தண்டுச் சுவர்கள் பெரும்பாலும் 15 முதல் 20 செ.மீ. கனமே கொண்டவை. தண்ணீரின் எடையைத் தாங்க அது போதும். பக்கவாட்டில் தள்ளும்போதுதான் சிக்கல். தண்டு ஓரிடத்தில் விட்டுக்கொடுத்தால், சுமையை வாங்கிக்கொள்ள வேறு கால் கிடையாது.

ஆகவே பல தூண்களை நிறுத்தி, நடுநடுவே குறுக்கு விட்டங்களால் கட்டிய தாங்கு சட்டத்தை எடுத்துக்கொள்வோம். சென்னைக் கடலோரத்தில் ஒரு லட்சம் லிட்டர் தொட்டி; குறுக்களவு 6 மீட்டர், தண்ணீர் ஆழம் 3.6 மீட்டர். 5 மீட்டர் விட்டமுள்ள வட்டத்தில் ஆறு தூண்கள், உயரம் 12 மீட்டர். தொட்டிக் கான்கிரீட் 70 டன், தாங்கு சட்டம் 40 டன், தண்ணீர் 100 டன்.

பூகம்பத்தில் அந்த 100 டன்னும் ஒன்றாக ஆடுவதில்லை. கலிபோர்னியப் பேராசிரியர் ஜார்ஜ் ஹவுஸ்னர் காட்டிய வழியில் கணக்கிட்டால், அடிப்பகுதியில் சுமார் 62 டன் தண்ணீர் சுவரோடு ஒட்டி ஆடுகிறது. மேலே சுமார் 37 டன் தனியாகத் தளும்புகிறது. ஒரு முறை போய்வர அதற்கு இரண்டரை விநாடிக்கு மேல் ஆகும். ஒட்டி ஆடும் நீரோடு தொட்டியின் எடையையும் தாங்கு சட்டத்தின் மூன்றில் ஒரு பங்கையும் சேர்த்தால் 145 டன். இந்த நிறையோடு சட்டம் ஒரு விநாடியில் ஒருமுறை ஆடிவருவதாகக் கொண்டால், சென்னை இடம்பெறும் மூன்றாம் நிலநடுக்க மண்டலத்தின் கணக்கில் பக்கவாட்டு விசை சுமார் 9.6 டன். குடிநீர் பூகம்பத்துக்குப் பிறகும் வேண்டும் என்பதால் இந்தியத் தரநிலை இதற்கு 1.5 என்ற முக்கியத்துவப் பெருக்கத்தைச் சேர்க்கிறது.

காற்றையும் பார்ப்போம். சென்னைக்கு அடிப்படைக் காற்று வேகம் விநாடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கி.மீ. புயல் கடலோரம் என்பதற்கான கூடுதலையும் சேர்த்தால், தொட்டி மீதும் தாங்கு சட்டத்தின் மீதும் தலா 4 டன் அளவில் தள்ளுவிசை வரும். மொத்தம் பூகம்பத்துக்குப் பக்கத்தில் வந்தாலும், அதில் பாதி தாழ்வான இடத்தில் தள்ளுவதால் கவிழ்க்கும் ஆற்றல் குறைவு. எனவே இந்தத் தொட்டியில் பூகம்பமே முந்துகிறது. உயரமும் இடமும் மாறினால் காற்று முந்தக்கூடும்; இரண்டையும் தனித்தனியே கணக்கிட்டுப் பெரியதை எடுக்க வேண்டும். இரண்டும் ஒரே நேரத்தில் உச்சத்தில் வரும் என்று கொள்வதில்லை.

தொட்டி நிரம்பியிருந்தால் ஒரு தூணுக்குச் சுமார் 35 டன் பாரம். கவிழ்க்கும் விசை ஒரு பக்கத் தூணை மேலும் 18 டன் அழுத்தும். அது 53 டன் தாங்க வேண்டும். தொட்டி நிரம்பியதுதான் ஆபத்து என்று இங்கேயே நிறுத்திவிட்டால் பாதிக் கணக்குதான் முடிந்திருக்கும்.

காலியாக இருக்கும்போது நிறை குறைவதால் தொட்டி வேகமாக ஆடுகிறது. விசை சுமார் 7 டன்னாகத்தான் குறைகிறது, ஆனால் தூணை அமுக்கிப் பிடிக்கும் பாரம் 18 டன்னாகச் சரிகிறது. மறுபக்கத் தூணை மேல்நோக்கி இழுக்கும் விசை சுமார் 13.5 டன். பாதுகாப்புக்காக எடையை 0.9 ஆகக் குறைத்து, பூகம்ப விசையை 1.5 மடங்காக்கினால் 16 டன் பாரத்துக்கு எதிரே 20 டன் இழுவை நிற்கிறது. தூண் இழுபடுகிறது! அதன் கம்பிகள் அடித்தளத்துக்குள் போதிய நீளம் இறங்கியிருக்க வேண்டும். அடித்தளமும் தூக்கிக்கொள்ளாதபடி கனமாக இருக்க வேண்டும்.

கணக்கு சரியாக இருந்தும் தொட்டி விழலாம், காரணம் தூணும் குறுக்கு விட்டமும் சேரும் முடிச்சு. ஆட்டம் முழுவதும் அங்கேதான் திரும்பத் திரும்ப வளைக்கிறது. அங்கே தூண்கம்பிகளைச் சுற்றும் ரிங்குகள் நெருக்கமாக இருக்க வேண்டும். அவற்றின் கொக்கி முனை 135 டிகிரி மடிந்து கான்கிரீட்டின் உள்ளே போக வேண்டும். 90 டிகிரியில் மடித்தால், மேல்பூச்சு உதிர்ந்ததும் ரிங் அவிழ்ந்து தூண்கம்பி பிதுங்கும். வேலை வேகத்தில் முடிச்சுக்குள் ரிங்கையே விட்டுவிடுவதும் உண்டு. கான்கிரீட் ஊற்றிய பிறகு இதைப் பார்க்க முடியாது.

உங்கள் ஊர்த் தொட்டியில் குறுக்கு விட்டம் தூணைத் தொடும் இடங்களைப் பாருங்கள். சாய்வான விரிசல், துருக்கறை, கான்கிரீட் உதிர்ந்து தெரியும் கம்பி எதுவும் அங்கே இருந்தால் சிமென்ட் பூசி மறைப்பது தீர்வாகாது. பொறியாளர் வந்து பார்க்கும்வரை தொட்டியை நிரப்பாமல் வைத்து, அடியில் ஆட்கள் நடமாடாமல் தடுக்க வேண்டும். நிரப்பாமல் வைப்பதால் மட்டும் தொட்டி பாதுகாப்பாகிவிடாது. இழுபடும் தூணுக்குக் காலித் தொட்டிதான் கடினமான சோதனை.