விரல் பட்டால் உளூ முறியுமா?

ஜொகூரின் செனாயில் ஒரு வீட்டில், மஃரிப் தொழுகைக்கு உளூச் செய்துவிட்டுப் பள்ளிவாசலுக்குக் கிளம்பும் கணவருக்கு மனைவி சாவியை நீட்ட, இருவர் விரல்களும் பட்டுவிடுகின்றன என்று வைத்துக்கொள்வோம். கணவர் தமிழ்நாட்டின் உட்பகுதியிலிருந்து வந்த ராவுத்தர் குடும்பத்தவர், ஹனஃபி மத்ஹபைச் சார்ந்தவர். மனைவியோ காயல்பட்டினத்து மரபில் வந்தவர், அங்குள்ள மலாய் மக்களைப் போலவே ஷாஃபி மத்ஹபைச் சார்ந்தவர். கணவருடைய கணக்கில் ஒன்றும் நேரவில்லை. மனைவியின் கணக்கில் இருவருடைய உளூவுமே முறிந்துவிட்டது. இந்த வேற்றுமைக்கு மூலம் திருக்குர்ஆனின் நான்காம் அத்தியாயத்து 43ஆம் வசனத்திலும், ஐந்தாம் அத்தியாயத்து 6ஆம் வசனத்திலும் வருகின்ற ஒரே ஒரு வினைச்சொல்தான்.

நோயாளியோ பிரயாணியோ, மலஜலம் கழித்து வந்தவரோ, பெண்களைத் தொட்டவரோ தண்ணீர் கிடைக்காதபோது தூய மண்ணைக் கொண்டு தயம்மும் செய்யலாம் என்பது அவ்வசனங்களின் ஒரு பகுதியின் தாத்பரியம். ‘தொட்டவர்’ என்பது கையால் தொட்டதைக் குறிக்கிறதா, தாம்பத்திய உறவைக் குறிக்கிறதா என்பதே விவகாரம். ‘கைப்பிடித்தவள்’ என்றால் திருமணத்தையே நினைக்கும் நமக்கு, ஒரு மொழி நாகரிகம் கருதிச் சொல்லை மறைத்துப் பேசும் என்பது புதிதன்று.

கி.பி. 923இல் மறைந்த தபரி, தமக்கு முந்தைய தலைமுறைகளின் கூற்றுகளை அறிவித்தவர்களின் பெயர்வரிசையோடு அடுக்கிவிட்டு, அதன்பின் தம் முடிவைச் சொல்பவர். அவர் பதிந்துள்ள ஒரு சம்பவம் சுவையானது. இச்சொல்லைக் குறித்து அரபியரும், அரபியரல்லாத மவாலிகளும் வாதிட்டனர்; அரபியர் அதைத் தாம்பத்திய உறவு என்றனர், மவாலிகள் இல்லையென்றனர். ஸயீத் இப்னு ஜுபைர் இதை இப்னு அப்பாஸிடம் கொண்டு சென்றபோது, நீர் எந்தப் பக்கம் என்று அவர் வினவி, மவாலிகள் பக்கம் என்று கேட்டதும், அப்பக்கம் தோற்றுவிட்டது என்று தீர்ப்புச் சொன்னாராம். நபிகள் நாயகம் தம் துணைவியரில் ஒருவரை முத்தமிட்டுவிட்டு மறுபடி உளூச் செய்யாமலே தொழச் சென்றார் என்ற ஆயிஷா நாயகியின் அறிவிப்பையும் ஆதாரமாக்கி, தபரி உறவு என்ற பொருளையே ஏற்கிறார். ஆனால் அந்த அறிவிப்பின் தொடர் அறுபட்டது என்று ஹதீஸ் அறிஞர் புகாரி கருதியதை திர்மிதி பதிவு செய்திருக்கிறார். ஷாஃபிகள் அதை ஏற்காததற்கு இத்தகைய ஐயமும் ஒரு காரணம்.

981இல் மறைந்த ஹனஃபி அறிஞர் ஜஸ்ஸாஸ் அதே முடிவுக்கு வேறு வழியில் வருகிறார். மலஜலம் கழிப்பது சிறு தொடக்கு, உறவு பெருந்தொடக்கு. இச்சொல்லை உறவு என்று கொண்டால், தண்ணீரில்லாத வேளையில் இரண்டுக்கும் விதி ஒரே வசனத்தில் நிறைவாக அமைந்துவிடும். கைபடுதல் என்று கொண்டால் பெருந்தொடக்குடையவர் தயம்மும் செய்வதற்கு அவ்விடத்தில் விதியே இராது என்பது அவர் வாதம். அது வெறும் தர்க்கமன்று. கைபடுதல் என்று பொருள்கொண்ட இப்னு மஸ்ஊத், பெருந்தொடக்குக்குத் தயம்மும் கூடாதென்றே கருதி, அபூ மூஸா அஷ்அரியோடு அதைப்பற்றி விவாதித்தவர். ஷாஃபிகளோ பெருந்தொடக்குடையவருக்கு ஹதீஸைக் கொண்டு அனுமதி காண்கிறார்கள்.

1210இல் மறைந்த ராஸி ஷாஃபி மரபினர். அவர் சொல்லின் நேர்ப்பொருளைப் பற்றிக்கொள்கிறார். ஹம்ஸா, கிஸாயீ என்னும் இரு ஓதல் அறிஞர்களின் பாடத்தில் இச்சொல் நெடிலின்றி ‘லமஸ்தும்’ என்று வருகிறது. மற்றையோருள் பெரும்பாலோர் பாடம் ‘லாமஸ்தும்’. நெடில் பெற்ற வடிவம் இருவர் ஒருவரையொருவர் தொடுவதை உணர்த்தலாம். குறில் வடிவமோ கைபடுவதையே இயல்பாகக் காட்டுகிறது. நேர்ப்பொருள் இருக்க அணிப்பொருளுக்குத் தாவ நியாயமில்லை என்பது அவர் நிலை. 1273இல் மறைந்த குர்துபியோ இந்த அபிப்பிராயங்களை விரித்துரைத்து, மாலிகி மரபின்படி இச்சையோடு தொட்டால் மட்டுமே உளூ முறியும் என்ற நடுவழியை விளக்குகிறார்.

ஒரு தஃப்சீரைத் திறப்பவர் முடிவை மட்டும் பார்த்தால் இவ்வேற்றுமை குழப்பமாகவே தோன்றும். இன்னார் அறிவிப்பின்மேல் நிற்கிறார், இன்னார் வசனத்தின் கட்டமைப்பின்மேல் நிற்கிறார், இன்னார் ஓதல் பாடத்தின்மேல் நிற்கிறார் என்று பிரித்துப் பார்த்தால்தான் எந்தக் கண்ணி வலுவானது, எது ஐயத்துக்குரியது என்பது விளங்கும். தபரியை மட்டும் வாசித்தவர் ஷாஃபி மரபைச் சொல்லின் பொருளறியாதது என்பார். ராஸியை மட்டும் வாசித்தவர் ஹனஃபிகள் சொல்லை வளைத்தார்கள் என்பார். இரண்டுமே அந்நூல்களுக்கு நியாயம் செய்வன அல்ல.

செனாய் வீட்டில் கணவர் சாவியை வாங்கிக்கொண்டு அப்படியே பள்ளிவாசலுக்குப் புறப்படுகிறார். மனைவி குழாயைத் திறந்து மறுபடி உளூச் செய்கிறார். கணவர் ஜஸ்ஸாஸின் வழியிலும் மனைவி ராஸியின் வழியிலும் அதே வசனத்துக்கே கீழ்ப்படிகிறார்கள்.