கட்டுரைத் தாளுக்கு ஒரு கையிருப்பு

குடிமைப் பணி முதன்மைத் தேர்வின் கட்டுரைத் தாளுக்கு 250 மதிப்பெண், நேரம் 3 மணி. பிரிவுக்கு 4 தலைப்பு வீதம் இரண்டு பிரிவுகள் இருக்கும். ஒவ்வொன்றிலும் ஒன்றைத் தேர்ந்து, ஆயிரம் முதல் ஆயிரத்து இருநூறு சொற்களில் எழுத வேண்டும். முன்பெல்லாம் கூட்டாட்சி, பெண் கல்வி என்று நேரடியான தலைப்புகள் நிறைய வரும். அண்மை ஆண்டுகளில் அறிஞர் வாக்கு போன்ற ஒற்றை வரிகளே பெரும்பாலும் வருகின்றன. காடுகள் நாகரிகத்துக்கு முன்னே வருபவை, பாலைவனங்களோ பின்னே வருபவை என்ற பொருளில் 2024இல் ஒரு தலைப்பு இருந்தது.

இந்த மாற்றம் பலருடைய நோட்டுகளைப் பயனற்றதாக்கிவிட்டது. ‘சுற்றுச்சூழல்’, ‘பொருளாதாரம்’, ‘பெண்கள்’ என்று பிரித்துத் தகவல் சேர்த்தவருக்கு, தவறாகச் செய்வதன் விலை எதுவுமே செய்யாமல் இருப்பதன் விலையைவிடக் குறைவு என்ற தலைப்பு வந்தால் எந்தப் பக்கத்தைப் புரட்டுவது என்று தெரியாது. அந்தத் தலைப்பும் 2024இல் வந்ததுதான். ஆகவே கையிருப்பைப் பாடவாரியாகப் பிரிக்காமல் கேள்விவாரியாகப் பிரிப்பது நல்லது. வளர்ச்சியா, இயற்கையா? துணிந்து செய்வதா, பொறுத்திருப்பதா? அறிவியல் பெரிதா, உணர்வு பெரிதா? தனிமனிதனா, சமூகமா? இப்படிப் பத்துப் பன்னிரண்டு கேள்விகள் போதும். பெரும்பாலான தலைப்புகள் இவற்றில் ஒன்றிரண்டைத் தொட்டுத்தான் நிற்கும்.

ஒவ்வொரு எடுத்துக்காட்டுக்கும் ஓர் அட்டை போடலாம். நடந்தது என்ன என்பதை நான்கு வரியில் எழுதி, அதன் கீழே மூன்று குறிப்புகள் சேர்க்க வேண்டும்: இது எதைக் காட்டுகிறது, எதைக் காட்டாது, எந்தெந்தக் கேள்விகளுக்கு உதவும். இரண்டாவது குறிப்பைத்தான் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள்.

கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்கை எடுத்துக்கொள்வோம். பாலக்காடு மாவட்டத்தில் குந்திப்புழையின் குறுக்கே நீர்மின் அணை கட்டும் திட்டம் 1970களில் எதிர்ப்பைச் சந்தித்தது. சிங்கவால் குரங்குகள் வாழும் மழைக்காடு மூழ்கிவிடும் என்று அறிவியலாளர்கள் எச்சரித்தார்கள். கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் கணக்குகளோடு மக்களிடம் போனது. கவிஞர் சுகதகுமாரி உள்ளிட்ட எழுத்தாளர்கள் களத்தில் இறங்கினார்கள். கடைசியில் திட்டம் கைவிடப்பட்டு, 1984இல் அந்தக் காடு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.

இந்த அட்டை வளர்ச்சியும் இயற்கையும் மோதும் கேள்விக்குப் போகும் என்பது எவருக்கும் தெரியும். ஆனால் 2022 தாளில், கவிஞர்களே உலகின் அங்கீகரிக்கப்படாத சட்டமியற்றுநர்கள் என்ற கருத்தில் ஒரு தலைப்பு வந்தது. சுகதகுமாரிக்காக இதே அட்டையை அங்கேயும் எடுக்கலாம். அறிவியலும் உணர்வும் மோதும் கேள்வியில், இரண்டும் கைகோத்த இடமாக இதையே காட்டலாம்.

எதைக் காட்டாது? மக்கள் போராடினால் அணை நிற்கும் என்று பொதுவாகச் சொல்ல இந்த ஒரு நிகழ்வு போதாது. நர்மதையில் நெடுங்காலம் போராட்டம் நடந்தும், உச்ச நீதிமன்றம் 2000இல் அனுமதி தந்து, சர்தார் சரோவர் அணை 2017இல் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. ஆகவே நர்மதை அட்டையின் எண்ணை அமைதிப் பள்ளத்தாக்கு அட்டையின் ஓரத்தில் எழுதிவைக்க வேண்டும். இரண்டையும் அடுத்தடுத்து வைத்து, ஒன்று நின்றதற்கும் மற்றது நிற்காததற்கும் காரணம் தேடும் பத்தியில்தான் எழுதுபவரின் சிந்தனை தெரியும்.

ஏரல் கடலுக்கு ஒரு காலத்தில் உலக ஏரிகளில் நான்காவது இடம் இருந்தது. பருத்தி வயல்களுக்காக அமு தாரியா, சிர் தாரியா ஆறுகளின் நீரை 1960களிலிருந்து சோவியத் அரசு பெருமளவில் திருப்பியதால் அது வற்றிப்போனது. காடு, பாலைவனம் என்ற தலைப்புக்கு இது பொருந்துவதுபோலத் தெரியும். ஆனால் அங்கே மரம் வெட்டியதால் பாலை வரவில்லை, ஆற்றைத் திருப்பியதால் வந்தது. அதை ஒரு வாக்கியத்தில் ஒப்புக்கொண்டுதான் பயன்படுத்த வேண்டும். தவறாகச் செய்வதன் விலை பற்றிய தலைப்பிலோ இது தலைப்பையே மறுக்கும் சான்று. அங்கே ஒன்றும் செய்யாமல் விட்டிருந்தால் கடல் மிஞ்சியிருக்கும். தலைப்போடு முரண்படும் இப்படியொரு சான்று, கட்டுரையின் நடுப்பகுதியைத் தூக்கி நிறுத்தும்.

புள்ளிவிவரங்கள் எளிதில் காலாவதியாகும், எளிதில் குழம்பவும் செய்யும். இந்திய வன நிலை அறிக்கை 2023இன்படி, வனப் பரப்பும் மரப் பரப்பும் சேர்ந்து நாட்டின் நிலப்பரப்பில் 25.17 சதவீதம். வனப் பரப்பு மட்டும் 21.76 சதவீதம். முதல் எண்ணை எழுதி ‘காடு’ என்று சொல்வது பரவலான பிழை. அந்த 21.76க்குள்ளும் ஒரு சங்கதி உண்டு. ஒரு ஹெக்டேருக்குக் குறையாத நிலத்தில் 10 சதவீதத்துக்கு மேல் மரக்கவிகை இருந்தால், அது தோட்டமானாலும் கணக்கில் சேரும். இதை அட்டையில் குறித்துவைத்தால், பரப்பு கூடியிருக்கிறது, காடு கூடியிருக்கிறதா என்று கேட்க முடியும். வெறும் எண்ணைவிட அந்தக் கேள்விக்கு எடை அதிகம். அறிக்கையின் ஆண்டையும் எழுதத் தவறக் கூடாது.

மேற்கோள்களில் ஆபத்து வேறு வகை. தேனீக்கள் அழிந்தால் நான்கே ஆண்டில் மனித இனமும் அழியும் என்று ஐன்ஸ்டைன் சொன்னதாக ஒரு வாசகம் உலவுகிறது. அவர் அப்படிச் சொன்னதற்குப் பதிவு கிடையாது. எந்த நூலில், எந்த உரையில் என்று காட்ட முடியாத மேற்கோளைக் கையிருப்பில் சேர்க்காமல் விடுவதே பாதுகாப்பு. குறளில் அந்தத் தொல்லை கிடையாது. நீர் பற்றிய கட்டுரை என்றால் எல்லோரும் வான்சிறப்பின் கடைசிக் குறளைத்தான் எடுப்பார்கள். அரண் அதிகாரத்தின் 742ஆம் குறள், நீர், நிலம், மலை ஆகியவற்றோடு நிழல் தரும் காட்டையும் நாட்டின் அரணாக எண்ணுகிறது. காட்டை நாட்டின் பாதுகாப்போடு இணைத்துப் பேச இதைவிடப் பொருத்தமான இடம் அரிது.

தமிழில் எழுதுவோருக்கு இன்னொரு வேலையும் உண்டு. வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் வரும். தலைப்பைத் தமிழாக்கிக்கொள்வது எழுதுபவர் பொறுப்பு. ஆகவே அட்டைகளையும் தமிழிலேயே எழுதி, ஊர்ப் பெயர், ஆட்பெயர், கலைச்சொல் ஒவ்வொன்றுக்கும் ஒரே வடிவத்தை முடிவுசெய்துவிட வேண்டும். தேர்வறையில் சொல் தேடும் நேரம் மிச்சமாகும்.

எத்தனை அட்டை வேண்டும்? கேள்விக்கு ஐந்தாறு வீதம் அறுபதைத் தாண்டத் தேவையில்லை. அதற்கு மேல் நினைவில் நிற்காது. வாரம் ஒரு பழைய தலைப்பை எடுத்து, நோட்டைப் பார்க்காமல் பதினைந்து நிமிடத்தில் எந்த அட்டைகள் வரும், எந்த வரிசையில் வரும், எது மறுக்கும் என்று குறித்துப் பாருங்கள். நினைவுக்கு வந்தவை எல்லாம் ஒரே பக்கம் பேசினால், அந்தக் கேள்விக்கு எதிர்ச்சான்று இல்லை என்று பொருள். அடுத்து அதைத்தான் தேட வேண்டும். பல தலைப்புகளுக்குப் பிறகும் ஒருமுறைகூட நினைவுக்கு வராத அட்டையைத் தயங்காமல் எடுத்துவிடலாம்.