ஓதம் ஏறிய லேப், விடிந்தால் பிராக்டிகல்

டெல்டா பக்கம் ஒரு அரசு மேல்நிலைப் பள்ளி. ஐப்பசி மழையில் கம்ப்யூட்டர் லேப்பின் கூரை ஒழுகியதும் அறையைப் பூட்டிவிட்டார்கள். பாடம் வகுப்பறையில் ஆசிரியையின் லேப்டாப்பிலேயே நடந்தது. மாசியில் பிளஸ் டூ செய்முறைத் தேர்வுத் தேதி வந்த பிறகுதான் பூட்டு திறந்தது. நான் கம்ப்யூட்டர் பழுது பார்ப்பவன். மாலை ஐந்து மணிக்கு அந்த டீச்சர் போன் செய்தார்.

"அண்ணே, மெயின் போட்டாலே ட்ரிப்பர் விழுந்துடுது. எலக்ட்ரிக்கல் தெரிஞ்ச தம்பி ஒருத்தர் டைரக்ட் பண்ணித் தரேங்கிறார். பண்ணிடலாமா?"

"வேண்டாம் டீச்சர், நான் வர்ற வரைக்கும் யாரும் எதையும் தொட வேணாம்" என்றேன்.

ட்ரிப்பர் என்று அவர் சொன்னது ஆர்.சி.சி.பி. போகிற கரண்டும் திரும்பி வருகிற கரண்டும் சமமாக இல்லை என்றால் அது இணைப்பைத் துண்டித்துவிடும். வித்தியாசம் எங்கே போகிறது? எர்த்துக்கு, இல்லையென்றால் யாரோ ஒருவரின் உடம்பு வழியே தரைக்கு. உயிர்காப்புக்காக வைக்கிற ஆர்.சி.சி.பி. 30 மில்லி ஆம்பியர் வகை. அதை டைரக்ட் பண்ணினால் எல்லா சிஸ்டமும் ஓடும். அதனால்தான் தேர்வு நேரத்தில் இந்த யோசனை சட்டென்று வருகிறது.

இதில் பலருக்குத் தெரியாத சங்கதி ஒன்று உண்டு. கம்ப்யூட்டருக்குள் இருக்கும் எஸ்.எம்.பி.எஸ். நல்ல நிலையில் இருந்தாலும் கொஞ்சம் கரண்டை எர்த்துக்கு விட்டுக்கொண்டுதான் இருக்கும். ஒரு சிஸ்டத்துக்கு ஒரு மில்லி ஆம்பியர் முன்னே பின்னே. 30 என்று எழுதியிருக்கும் ஆர்.சி.சி.பி. 15-ஐத் தாண்டினாலே விழலாம். அந்த லேப்பில் ஒரே ஆர்.சி.சி.பி.யில் 16 சிஸ்டம். காய்ந்த காலத்தில் எப்படியோ தாங்கியது, ஓதம் ஏறியதும் கசிவு கூடி விழுந்துவிட்டது. ஆக, அந்த ட்ரிப்பரில் பழுதில்லை.

எங்கே கசிகிறது என்று கண்டுபிடிக்க மீட்டர்கூட வேண்டாம். மெயினை அணைத்துவிட்டு எல்லா பிளக்கையும் பிடுங்கி, வெறும் ஒயரிங்குக்கு மட்டும் மெயினைப் போட்டோம். விழவில்லை. அப்போதே விழுந்திருந்தால் ஈரம் சுவருக்குள் இருக்கிறது என்று அர்த்தம். அப்படியானால் உரிமம் பெற்ற வயர்மேன் வந்து சரிசெய்யும்வரை அந்த அறையில் தேர்வு கூடாது. அடுத்து ஒவ்வொரு சிஸ்டமாகச் செருகிப் பார்த்ததில் மூன்று சிஸ்டம் தனியாகச் செருகினாலே ட்ரிப் ஆயின. அவற்றை ஓரமாக வைத்தோம். எஸ்.எம்.பி.எஸ்.ஸைத் திறந்து துடைக்கிற வேலைக்குப் போகவே கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கெபாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கலாம்.

மீதியில் எட்டாம் நம்பரைப் பார்த்துக்கொண்டிருந்த டீச்சர் கையை வெடுக்கென்று இழுத்தார். "தொட்டா சுர்ருங்குதுண்ணே. இது போன வருஷமே அப்படித்தான்." ஓடிக்கொண்டிருக்கும் கேபினட்டின் பின்பக்கம், பெயின்ட் இல்லாத திருகில் டெஸ்டரை வைத்தேன். எரிந்தது. அடுத்தடுத்த சிஸ்டங்களிலும் எரிந்தது. எல்லாமே எரிந்தால் சந்தேகப்பட வேண்டியது கம்ப்யூட்டரை அல்ல, எர்த்தை. கழற்றிப் பார்த்தால், சுவரில் தண்ணீர் இறங்கிய இடத்து போர்டில் எர்த் ஒயரின் முனை பச்சை பூத்து, தொட்டதும் உதிர்ந்துவிட்டது.

எர்த் முழுக்க அறுந்தால் ட்ரிப்பர் பேசாமல் இருந்துவிடும், கசிவு போக வழியில்லையே. ஒரே எர்த் ஒயரில் 16 கேபினட்டும் சேர்ந்திருப்பதால் எல்லாவற்றின் கசிவும் ஒன்றாகக் காத்திருக்கும். முதலில் தொடுகிறவர் உடம்பில்தான் அது இறங்கும். பத்து மில்லி ஆம்பியரைத் தாண்டினால் பிடித்த கையை விடுவிப்பதே சிரமம். அந்த அளவுக்கு ட்ரிப்பர் விழும் என்ற உறுதியும் கிடையாது. போதாக்குறைக்கு நம் லேப்புகளில் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு வரச் சொல்கிறோம். தூசிக்குப் பயந்து வந்த பழக்கம் இது. ஈரத் தரையில் வெறுங்காலோடு இரும்புக் கேபினட்டைத் தொடுவதைவிட மோசமான நிலை வேறு இல்லை. செருப்போடு உட்கார்ந்து தேர்வு எழுதட்டும், தரையைப் பிறகு துடைத்துக்கொள்ளலாம்.

வயர்மேன் வந்து எர்த்தைச் சரிசெய்து, லைனை இரண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஆர்.சி.சி.பி. மாட்டினார். டெஸ்ட் பட்டனை அழுத்தினால் இரண்டும் விழுந்தன. அதன் பிறகுதான் கம்ப்யூட்டர் வேலையையே தொட்டோம். பிளக் பிடுங்கிய நிலையில் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி, டேபிள் ஃபேன் காற்றில் மூன்று மணி நேரம் விட்டோம். ஹேர் டிரையரின் சூடும் ஆகாது, ஈரத்துணியும் ஆகாது. டிஸ்ப்ளே வராமல் பீப் அடித்தவற்றில் ரேமைக் கழற்றி, பொன்னிறப் பற்களைப் பென்சில் அழிப்பானால் மெதுவாகத் தேய்த்து, துகளைத் தட்டிவிட்டு மாட்டினோம். பெரும்பாலானவை எழுந்தன. சிலவற்றில் `CMOS checksum error` என்று வந்தது. மதர்போர்டில் இருக்கும் சி.ஆர். 2032 பேட்டரி செத்துவிட்டது. செல்லை மாற்றி, பயாஸில் தேதியையும் சரிசெய்ய வேண்டும். தேதி பழைய வருடத்துக்குப் போயிருந்தால், பழைய லினக்ஸ் சிஸ்டங்கள் `Superblock last mount time is in the future` என்று சொல்லிப் பாதியில் நின்றுவிடும். ஹார்டு டிஸ்க் போய்விட்டது என்று பயந்து ஃபார்மட் செய்தவர்களை எனக்குத் தெரியும்.

இரவு பத்தரைக்குப் பதினொரு சிஸ்டம் தேறின. பத்தைத் தேர்வுக்கு வைத்து, ஒன்றைச் சும்மா வைக்கச் சொன்னேன். நாற்பது பேருக்குப் பத்து சிஸ்டம் என்றால் நான்கு பேட்ச். தலைமை ஆசிரியர் மூலம் வெளித்தேர்வாளருக்கு அப்போதே தகவல் போனது. சந்தேகத்துக்கிடமான சிஸ்டத்தில் ஒரு பிள்ளையை உட்கார வைப்பதைவிட ஒரு பேட்ச் கூடினால் ஒன்றும் குறைந்துவிடாது. நடுவில் சிஸ்டம் நின்றால் அது மாணவரின் குறையாகாது. எழுந்து சொல்லவும், வேறு சிஸ்டம் கேட்கவும், போன நேரத்தைக் கேட்டு வாங்கவும் தயங்கக் கூடாதென்று பிள்ளைகளிடம் காலையிலேயே சொல்லிவிட வேண்டும். யாருக்காவது ஷாக் அடித்தால் ஆளைத் தொடாமல் முதலில் மெயினை அணைத்துவிட்டு, 108-ஐ அழைக்க வேண்டும்.

டீச்சர் தன்னைக் காத்துக்கொள்ள ஒரு காகிதம் தேவை. அன்றிரவே எழுதச் சொன்னேன்: எந்தெந்த நம்பர் சிஸ்டம், என்ன பழுது, எர்த் எப்படி இருந்தது, யார் சரிசெய்தார், எதிலிருந்து எதற்கு ரேம் மாறியது. இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் தலைமை ஆசிரியரின் கையெழுத்தும் தேதியும் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். சிஸ்டங்கள் ஸ்டாக் ரெஜிஸ்டரில் இருப்பவை. பதிவில்லாமல் பாகம் மாற்றினால் நாளைக்குத் தணிக்கையில் அவர்தான் பதில் சொல்ல வேண்டிவரும். செத்தவற்றைப் பழைய இரும்புக்காரரிடம் போடவும் கூடாது. முறைப்படி கழிவு செய்து, பதிவு பெற்ற மின்கழிவு மறுசுழற்சியாளரிடம்தான் கொடுக்க வேண்டும்.

கூரையும் ஒயரிங்கும் அப்படியே கிடந்தால் பெற்றோர் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் கேட்டு, அதைத் தீர்மானமாக எழுத வைக்கலாம். அதற்கும் அசையாவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 இருக்கிறது. பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, "லேப் ஒயரிங்கைக் கடைசியாக எந்தத் தேதியில் சோதித்தீர்கள், அறிக்கையின் நகல் தருக" என்று பொதுத் தகவல் அலுவலரிடம் கேட்டால் 30 நாளுக்குள் பதில் தந்தாக வேண்டும். "லேப் ஏன் இப்படி இருக்கிறது" என்று கேட்டால் பதில் வராது, அந்தச் சட்டம் காரணம் சொல்லாது. கையிலிருக்கும் ஆவணத்தைத்தான் தரும்.