மூன்று அடியில் ஒரு கோல்

பள்ளி மைதானத்தில் ஹேண்ட்பால் ஆடும்போது சண்டை கிளம்பும் இடம் பெரும்பாலும் ஒன்றுதான். "நாலு அடி வச்சுட்டா சார்!" என்று ஒரு அணி கத்தும், "மூணுதான்!" என்று மறு அணி அடித்துச் சொல்லும். எண்ணத் தொடங்கும் இடத்தில்தான் குழப்பம்.

வலக்கை ஆட்டக்காரி ஒருத்தி ஓடிவந்து, துள்ளியபடி பந்தைப் பிடிக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். வலது கால் தரையைத் தொடுகிறது. இது கணக்கில் வராது. அடுத்து இடது கால், அது ஒன்று. வலது, இரண்டு. இடது, மூன்று. அந்த இடது காலிலேயே எம்பி எறிந்துவிட்டால் தப்பில்லை. பிடிக்கும்போதே ஒரு கால் தரையில் இருந்தால், மறு கால் ஊன்றும்போது ஒன்று. நின்றபடி பிடித்தவள் ஒரு காலைத் தூக்கி வைத்தால், அதுவும் ஒன்று. நடுவர்கள் பந்தைவிட முதலில் பாதங்களைக் கவனிப்பது இதனால்தான்.

எதிரே தடுப்பாளர் நிற்கிறார், மூன்று அடி போதவில்லை. அவள் பந்தைத் தரையில் தட்டலாம். ஒரு கையால் தட்டிக்கொண்டே எவ்வளவு தூரம் ஓடினாலும் அடி எண்ண மாட்டார்கள். மறுபடி பிடித்ததும் புதிதாக மூன்று அடி கிடைக்கும். ஆனால் பிடித்த பிறகு இன்னொரு முறை தட்டக் கூடாது. கூடைப்பந்து ஆடிப் பழகியவர்கள் கையில் பந்து வந்ததுமே தட்டிவிட்டு, முதல் மூன்று அடியை வீணாக்குவார்கள். பந்தைக் கையில் மூன்று வினாடிக்கு மேல் வைத்திருப்பதும் தப்பு. இவற்றில் எது நடந்தாலும் எதிரணிக்கு ஃப்ரீ த்ரோ.

இனி 6 மீட்டர் கோடு. கோட்டையும் சேர்த்து, உள்ளே இருப்பது கோல்கீப்பருக்கு மட்டுமான இடம். நம் ஆட்டக்காரி கோட்டுக்கு வெளியே எம்பி, உள்ளே விழுவதற்கு முன் பந்தைக் கையிலிருந்து விட்டுவிட்டால் கோல் செல்லும். எம்பும்போது கால்விரல் கோட்டில் பட்டாலே செல்லாது. பந்து கோல்கீப்பருக்குப் போய்விடும்.

அவளைத் தடுக்க எதிரணி வீராங்கனை கோட்டுக்குள் இறங்கி நின்று, நிச்சயமான கோல் வாய்ப்பைக் கெடுத்தால் 7 மீட்டர் த்ரோ. விசில் ஊதியதும் மூன்று வினாடிக்குள், 7 மீட்டர் கோட்டைத் தொடாமலும் தாண்டாமலும் எறிய வேண்டும். மற்றவர்கள் 9 மீட்டர் விட்டுவிட்டுப் போட்ட கோட்டுக்கு வெளியே நிற்பார்கள். கோல்கீப்பர் முன்னே வரலாம், ஆனால் 4 மீட்டர் கோட்டைத் தாண்டக் கூடாது.

எறியும் கையைப் பின்னாலிருந்து இழுப்பது, காற்றில் இருப்பவளைத் தள்ளுவது இதைவிட ஆபத்தானது. சாதாரணப் பிடித்தல், இழுத்தலுக்கு மஞ்சள் அட்டையோடு விடுவார்கள். கடுமையானதற்கு நேரே இரண்டு நிமிடம் வெளியே. அந்த இரண்டு நிமிடமும் அணி ஓர் ஆள் குறைவாகவே ஆட வேண்டும். ஒரே ஆட்டத்தில் ஒருவருக்கு இது மூன்றாவது முறை என்றால் சிவப்பு அட்டை. அவர் திரும்ப வர முடியாது. இரண்டு நிமிடம் முடிந்த பிறகே வேறொருவர் இறங்கலாம்.