ஓர் எழுத்துப் பிழையோடு ஒளிர்ந்த மரபணு

ஜெல்லிமீனின் பச்சை ஒளிரும் புரதத்துக்கான மரபணுவை டக்ளஸ் பிராஷர் பிரித்தெடுத்து, 1992-இல் அதன் எழுத்து வரிசையை வெளியிட்டார். கொலம்பியா பல்கலைக்கழகத்தின் மார்ட்டின் சால்ஃபி அந்த மரபணுவை அவரிடம் கேட்டு வாங்கினார். சால்ஃபியின் ஆய்வகத்தில் அதை பிசிஆர் முறையில் பெருக்கி, பிளாஸ்மிட் எனப்படும் வட்ட டிஎன்ஏவில் பொருத்தி, பாக்டீரியாவுக்குள் செலுத்தினார்கள். பாக்டீரியா பச்சையாக ஒளிர்ந்தது. 1994-இல் வந்த அந்தக் கட்டுரை உயிரியல் ஆய்வின் போக்கையே மாற்றியது. 2008-இல் சால்ஃபிக்கு நோபல் பரிசில் பங்கும் கிடைத்தது.

அந்த மரபணுவுக்குள் ஒரு பிழை இருந்தது. புரதத்தின் 80-ஆவது இடத்தில் குளுட்டமின் வர வேண்டும், ஆர்ஜினின் வந்திருந்தது. டிஎன்ஏவில் ஓர் 'ஏ' இருக்க வேண்டிய இடத்தில் 'ஜி' நுழைந்ததன் விளைவு அது. பிசிஆரில் பெருக்கியபோது நேர்ந்த பிழையாகவே அதை ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். பல ஆய்வகங்களுக்குப் போன நகல்களிலும் அந்த 'ஜி' கூடவே போனது. நல்லவேளையாக, அந்த இடத்து மாற்றம் ஒளியைப் பாதிக்கவில்லை.

ஆனால் 67-ஆவது இடத்தில் இருக்கும் கிளைசின் மாறியிருந்தால் ஒளியே பிறந்திருக்காது. ஒளியைத் தரும் அமைப்பு 65, 66, 67 ஆகிய மூன்று இடங்களிலிருந்துதான் உருவாகிறது. இந்தப் புரதம் தானாகவே ஒளிருமா, ஜெல்லிமீனில் இருக்கும் வேறொரு பொருளின் துணை வேண்டுமா என்பது அன்று விடை தெரியாத கேள்வி. பிழை அந்த இடத்தில் விழுந்திருந்தால், "துணை வேண்டும்" என்று தவறாக முடிவுகட்டி ஆய்வையே கைவிட்டிருக்கலாம். மரபணுவைக் குளோன் செய்யும்போது எந்த பாலிமரேஸை எடுப்பது என்ற கேள்விக்கு இவ்வளவு கனம் இருக்கிறது.

பாலிமரேஸ் என்பது டிஎன்ஏவை நகலெடுக்கும் நொதி. பிசிஆர் சோதனைக்குழாயில் அது சுற்றுக்குச் சுற்று நகல்களை இரட்டிப்பாக்குகிறது. வழக்கமாகப் பயன்படுவது டாக் பாலிமரேஸ். அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் வெந்நீர் ஊற்றில் கண்டெடுத்த பாக்டீரியாவிலிருந்து வந்தது. வேகமானது, விலை குறைவு, எளிதில் வேலை செய்யும். ஆனால் தவறான எழுத்தைச் சேர்த்துவிட்டால் அதை நீக்கும் திறன் அதற்கு இல்லை. இத்தாலியின் வுல்கானோ தீவுக் கடற்கரையின் வெந்நீரில் வாழும் நுண்ணுயிரியிலிருந்து வந்த பிஃபியூ பாலிமரேஸுக்கு அந்தத் திறன் உண்டு. உயர்துல்லிய நொதிகள் என்று இன்று விற்பனையாகும் பலவும் இந்த வகையைச் சேர்ந்தவையே.

அந்தத் திறனைத்தான் மெய்ப்புத் திருத்தம் என்கிறோம். நொதியில் இரண்டு இடங்கள் உண்டு: எழுத்தைச் சேர்க்கும் இடம் ஒன்று, கடைசி எழுத்தை வெட்டும் இடம் இன்னொன்று. தவறான எழுத்து சேர்ந்தால் அது எதிர் இழையோடு சரியாக இணையாது. வளர்ந்துகொண்டிருக்கும் முனை தளர்ந்து பிரியும். அதன்மேல் அடுத்த எழுத்தைச் சேர்ப்பது மெதுவாகும். அந்தத் தாமதத்துக்குள் முனை வெட்டும் இடத்துக்கு நழுவிவிடும். தவறான எழுத்து நீங்கியதும் முனை பழைய இடத்துக்குத் திரும்பி, நகலெடுப்பு தொடரும்.

இதனால் என்ன மாறுகிறது என்பதைப் பச்சைப் புரத மரபணுவை வைத்தே கணக்கிடலாம். அதன் நீளம் 717 எழுத்துகள். நகல்கள் 20 முறை இரட்டிப்பாவதாகக் கொள்வோம். டாக் நொதியின் பிழை விகிதம் அளக்கும் முறையைப் பொறுத்து வெகுவாக மாறும். நடுத்தரமாக 20,000 எழுத்துக்கு ஒரு பிழை என்று எடுத்துக்கொள்ளலாம். 717-ஐ 20-ஆல் பெருக்கினால் 14,340. அதை 20,000-ஆல் வகுத்தால் ஒரு நகலுக்குச் சராசரியாக 0.7 பிழை. அதாவது ஏறக்குறைய பாதி நகல்களே பிழையற்றவை. பிஃபியூவுக்குப் பலரும் மேற்கோள் காட்டும் அளவு, ஏறத்தாழ 7.7 லட்சம் எழுத்துக்கு ஒரு பிழை. அதன்படி நூறு நகலில் இரண்டில்தான் பிழை இருக்கும். மரபணு 3,000 எழுத்து நீளமானால் வித்தியாசம் இன்னும் பெரிது: டாக் தருவதில் நூற்றுக்கு ஐந்து நகல்தான் தேறும், பிஃபியூ தருவதில் தொண்ணூறுக்கு மேல் தேறும்.

இந்தப் பிழைகள் ஜெல்லில் தெரியாது. ஓர் எழுத்து மாறினாலும் நீளம் மாறாததால், இரண்டு நொதிகளும் ஒரே இடத்தில் ஒரே மாதிரி பட்டையைத்தான் காட்டும். பிசிஆர் கலவையை அப்படியே வரிசை படித்தாலும் தெரியாது. ஒவ்வொரு நகலிலும் பிழை வெவ்வேறு இடத்தில் இருப்பதால், ஒவ்வொரு இடத்திலும் சரியான எழுத்தே பெரும்பான்மையாக நிற்கும். குளோனிங்கில்தான் நிலைமை மாறுகிறது. அங்கே ஒரே ஒரு நகல் ஒரு பாக்டீரியாவுக்குள் போய், அது பெருகி ஒரு காலனியாகிறது. அந்த நகலில் இருந்த பிழை காலனியின் எல்லா செல்களிலும் நிலைத்துவிடுகிறது.

ஆகவே தேர்வு, வேலையைப் பொறுத்தது. மரபணு உள்ளே போயிருக்கிறதா என்று காலனியைச் சோதிக்க டாக் தாராளமாகப் போதும். அங்கே உயர்துல்லிய நொதியைச் செலவிடுவது வீண் என்பேன். புரதமாக்கப்போகும் மரபணுவைப் பெருக்க மெய்ப்புத் திருத்தும் நொதியே வேண்டும். கையில் டாக் மட்டும் இருந்தால், சிறிய மரபணுவுக்கு நான்கைந்து காலனிகளை எடுத்து வரிசை படித்தால் பிழையற்றது ஒன்றாவது பெரும்பாலும் கிடைத்துவிடும்.

மெய்ப்புத் திருத்தம் வேறு சில பழக்கங்களையும் மாற்றச் சொல்கிறது. டாக் நகலின் முனையில் ஓர் 'ஏ'வைக் கூடுதலாக ஒட்டிவிடும். டிஏ குளோனிங் முறை அதை நம்பித்தான் நடக்கிறது. பிஃபியூ வகை நகல்களின் முனை மொட்டையாக இருக்கும். அவற்றை டிஏ பிளாஸ்மிட்டோடு அப்படியே சேர்த்தால் சரியான காலனி கிடைப்பது அரிது. நொதியைப் பழிப்பதற்கு முன் இதைத்தான் பார்க்க வேண்டும். நகலைச் சுத்திகரித்து, டாக் நொதியோடு 'ஏ' மட்டும் கொடுத்து 72 டிகிரியில் சிறிது நேரம் வைத்தால் சரியாகும். சுத்திகரிப்பைத் தவிர்த்தால், மிச்சமிருக்கும் பிஃபியூ ஒட்டிய 'ஏ'வை வெட்டிவிடும். அதே வெட்டும் திறன் ப்ரைமர்களின் முனையையும் கடிக்கும் என்பதால், கலவையைப் பனிக்கட்டிமேல் தயாரித்து நொதியைக் கடைசியில் சேர்க்கிறார்கள்.

மெய்ப்புத் திருத்தம் எட்டாத இடங்களும் உண்டு. மூல டிஎன்ஏவிலேயே இருக்கும் பிழையை நொதி உண்மையென்றே நகலெடுக்கும். ப்ரைமரைத் தயாரித்தபோது விடுபட்ட எழுத்தையும் அது கண்டுபிடிக்காது. இரட்டிப்புகளைக் குறைப்பது இன்னொரு நல்ல வழி: மூல டிஎன்ஏவைத் தாராளமாகப் போட்டுச் சுற்றுகளைக் குறைத்தால், 20 இரட்டிப்பு 10 ஆகும், நொதி எதுவானாலும் பிழையும் பாதியாகும்.

எந்த நொதியை எடுத்தாலும், தேர்ந்த காலனியின் மரபணுவை இரு முனையிலிருந்தும் முழுமையாக வரிசை படித்த பிறகே அடுத்த சோதனையைத் தொடங்க வேண்டும். 717 எழுத்து மரபணுவுக்கு அது இரண்டே வாசிப்புகளில் முடியும் வேலை.