இறகு எந்தப் பக்கம்?

மே மாதக் கடைசியில் பத்திரிகைகளில் அந்தப் படம் வந்துவிடும். அரபிக்கடல் முழுக்க அம்புகள், கேரளக் கரையை ஒட்டி ஒரு கோடு, மேலே 'பருவமழை தொடங்கியது' என்று தலைப்பு. தொலைக்காட்சியில் அதே அம்புகள் வண்ணம் பூசிக்கொண்டு ஓடும். அவற்றை எப்படிப் படிப்பது என்று மட்டும் யாரும் சொல்வதில்லை. எட்டாம் வகுப்பு படிக்கும் என் அக்கா மகன் போன ஜூனில், நாகர்கோவிலிலிருந்து கோயம்புத்தூருக்குப் போன பகல் பேருந்தில், அதைப் படிக்கக் கற்றுக்கொண்டான்.

என் கைபேசியில் அன்றைய வானிலை வரைபடம் ஒன்று இருந்தது. தரையிலிருந்து ஒன்றரை கிலோமீட்டர் உயரத்தில் வீசும் காற்றைக் காட்டுவது. அதில் அம்புத் தலை கிடையாது. ஒரு கோடு, அதன் ஒரு நுனியில் சில சிறு கோடுகள். "மாமா, காத்து நம்ம ஊர்ல இருந்து கடலுக்குப் போகுதா?" என்றான். சிறு கோடுகள் இருக்கும் நுனியைத் தலை என்று எடுத்துக்கொண்டுவிட்டான். அது வால். வில்லிலிருந்து கிளம்பும் அம்புக்கு இறகு பின்னால்தானே இருக்கும்? காற்று இறகு இருக்கும் பக்கத்திலிருந்து வருகிறது. முழு இறகு ஒன்றுக்கு 10 நாட், அரை இறகுக்கு 5, முக்கோணக் கொடி இருந்தால் 50. ஒரு நாட் என்பது மணிக்கு 1.85 கிலோமீட்டர். கேரளக் கரைக்கு அப்பால் கடலில் இரண்டு முழு இறகும் ஓர் அரை இறகும் இருந்தன. 25 நாட், அதாவது மணிக்குச் சுமார் 46 கிலோமீட்டர் என்று கணக்குப் போட்டுச் சொன்னான்.

சரிபார்க்க வெகுநேரம் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டியதும் முப்பந்தல் காற்றாடிகள் வந்துவிட்டன. இங்கே நிற்கும் பெரிய காற்றாடிகள் காற்று வரும் திசைக்கு முகம் கொடுத்து நிற்பவை. உச்சியில் உள்ள பெட்டியின் முதுகில் சிறு திசைகாட்டி இருக்கும். அது சொல்லும் பக்கம் மோட்டார் முகத்தைத் திருப்பிவிடும். எல்லா முகங்களும் மேற்கே பார்த்தன. கோவில்பட்டிக்கு முன்னால் கயத்தாறிலும் அப்படித்தான். அங்கே செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் காற்று. வடக்கே போகும் பேருந்தில் மேற்கு இடதுபக்கம். அவன் உட்கார்ந்திருந்த ஜன்னல் வழியாகத்தான் புழுதியும் வந்தது.

கயத்தாறில் ஒரு கேள்வி கேட்டான். "தென்மேற்குப் பருவக்காற்றுன்னுதானே புத்தகத்துல இருக்கு? இதெல்லாம் நேர் மேற்க பாக்குதே?" வரைபடத்தை விரித்தான். நடு அரபிக்கடலில் இறகுகள் தென்மேற்கில் இருந்தன. கரையை நெருங்க நெருங்கக் கோடுகள் படுத்துக்கொண்டே வந்து, நம் தலைக்கு மேல் நேர் மேற்காகிவிட்டன. அடுத்து அவன் பார்த்ததுதான் விஷயம். பூமத்தியரேகைக்குத் தெற்கே கோடுகள் தென்கிழக்கிலிருந்து வந்தன. இறகுகளும் கோட்டின் மறுபக்கத்துக்கு மாறியிருந்தன.

அது அச்சுப்பிழை இல்லை. இறகு எப்போதும் தாழ்வழுத்தம் இருக்கும் பக்கம் நீட்டியிருக்க வேண்டும் என்பது வானிலை வரைபட மரபு. வட அரைக்கோளத்தில் காற்றுக்கு முதுகு காட்டி நின்றால் தாழ்வழுத்தம் இடக்கைப் பக்கம். தென் அரைக்கோளத்தில் வலக்கைப் பக்கம். நம் மேல்காற்றின் இறகுகள் வடக்கே நீட்டியிருந்தன, ஏனென்றால் ஜூனில் தாழ்வழுத்தம் வட இந்தியச் சமவெளியில். இடமும் வலமும் மாறுவதற்கும் அம்பு வளைவதற்கும் காரணம் ஒன்றே.

ஓடும் பேருந்திலிருந்து இறங்குபவரை நினைத்துக்கொள்ளுங்கள். கால் தரையில் பட்டாலும் உடம்பில் பேருந்தின் வேகம் மிச்சமிருப்பதால் முன்னால் நாலடி ஓடித்தான் நிற்க முடியும். பூமி மேற்கிலிருந்து கிழக்கே சுழல்கிறது. பூமத்தியரேகையில் நிலம் மணிக்கு 1,670 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. பல்லடம் இருக்கும் 11 பாகையில் 1,640தான். பூமத்தியரேகைப் பேருந்திலிருந்து பல்லடத்தில் இறங்கும் காற்று, மிச்சமுள்ள 30 கிலோமீட்டர் வேகத்தோடு கிழக்கே ஓடுகிறது. கிழக்கே ஓடும் காற்று நமக்கு மேல்காற்று. தெற்கிலிருந்து பூமத்தியரேகைக்கு வரும் காற்றின் கதை தலைகீழ்: அது மெதுவான பேருந்திலிருந்து வேகமான பேருந்துக்குத் தாவுகிற ஆள், படிக்கட்டிலேயே பின்னால் சாய்கிறான். பின்னால் என்பது மேற்கு. ஆகவே மொரீஷியஸ் பக்கத்து உயரழுத்தத்திலிருந்து கிளம்பும் காற்று மேற்கே சாய்ந்து வந்து, கிழக்கு ஆப்பிரிக்க மலைகள் மறிக்க, அவற்றை ஒட்டியே பூமத்தியரேகையைத் தாண்டுகிறது. தாண்டியதும் சாய்வு கிழக்கே திரும்புகிறது. சோமாலியக் கரையில் தென்மேற்கு. வளைவு நிற்காததால் நம்மிடம் வரும்போது மேற்கு. பாடப்புத்தகப் பெயர் நடு அரபிக்கடலுக்குப் பொருந்தும். கயத்தாறுக்குக் காற்றாடி சொல்வதே சரி.

பேருந்துக் கணக்கு பாதிக் கணக்குதான். சுழலும் ஒன்று அச்சை நெருங்கும்போது வேகம் கூடும். வடக்கே போகும் காற்று பூமியின் அச்சை நெருங்குகிறது. அதையும் சேர்த்தால் 30 என்பது 60 ஆகும். பிறகு கடலோடு உரசுவதும் அழுத்த வேறுபாடும் அதை மாற்றிவிடும். ஆகவே இந்தக் கணக்கிலிருந்து திசையை எடுத்துக்கொள்ளலாம், வேகத்தை வரைபடத்தில்தான் பார்க்க வேண்டும். கென்யாவில் பூமத்தியரேகைக்கு இருபுறமும் வாளித் தண்ணீர் எதிரெதிராகச் சுழல்வதாகச் சுற்றுலாப் பயணிகளுக்குக் காட்டும் வித்தைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இந்த விளைவு தலைகாட்ட நூற்றுக்கணக்கான கிலோமீட்டரும் பல மணி நேரமும் வேண்டும்.

வரலாறு வேண்டுமென்றால் சுருக்கமாக: பருவக்காற்றை வரைபடமாக்கியவர் எட்மண்ட் ஹாலி, 1686இல். வளைவுக்குச் சுழற்சியைக் காரணம் காட்டியவர் ஜார்ஜ் ஹாட்லி, 1735இல். அவர் போட்டதும் அந்தப் பாதிக் கணக்குதான். கொரியோலிஸ் 1835இல் எழுதியது இயந்திரங்களைப் பற்றி. இந்த விளைவின் பெயர் மட்டும் அவருக்குப் போய்விட்டது.

பருவமழை தொடங்கிவிட்டதா என்பதையும் மழை மட்டும் முடிவு செய்வதில்லை. குறித்து வைத்த 14 நிலையங்களில் 60 சதவீதத்தில் இரண்டு நாள் தொடர்ந்து மழை பெய்தாலும், மேல்காற்று நாலு கிலோமீட்டர் உயரம் வரை கெட்டியாக இருக்க வேண்டும். முக்கால் கிலோமீட்டர் உயரத்தில் கேரளக் கரையோரம் 15 முதல் 20 நாட் வீச வேண்டும். மேகமும் போதிய அளவு திரண்டிருக்க வேண்டும். அதற்குப் பிறகே இந்திய வானிலை ஆய்வுத் துறை அறிவிக்கும். முதல் மழைக்கே 'வந்துவிட்டது' என்று கொட்டை எழுத்தில் போடும் செய்திகளில் இந்த அம்புகளைப் பார்த்தவர் யாரும் இருப்பதில்லை.

தாராபுரம் தாண்டி மறுபடி காற்றாடிகள் வந்தன. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று. பையன் இம்முறை வேறொரு செயலியைத் திறந்தான். அதில் மணிக்கு 15 கிலோமீட்டர் என்று ஒரு சோம்பேறி அம்பு. வெளியே வேப்பமரங்கள் ஒருபக்கமாய்ச் சாய்ந்து நின்றன. எது பொய் என்று கேட்டான். திரையில் ஓடும் அம்பு யாரும் அளந்ததில்லை. கணினி உலகைக் கட்டங்களாக வெட்டிக் கணக்கிட்டது. ஒரு கட்டம் 9 முதல் 25 கிலோமீட்டர் அகலம். பாலக்காட்டுக் கணவாயே சுமார் 30 கிலோமீட்டர்தான்; ஆரல்வாய்மொழி அதில் சிறு பங்கு. இருபுற மலையும் நடுவிலுள்ள வழியும் ஒரே கட்டத்தில் கலந்துபோனால், இடுக்கில் காற்று பிதுங்கி வேகம் பிடிப்பது கணக்கில் வராது. செயலி காட்டியது 10 மீட்டர் உயரத்துக் காற்று. காற்றாடியின் தலையோ பல மடங்கு மேலே.

இன்னொன்றை அவனே கண்டுபிடித்தான். படத்தின் மூலையில் 00 என்று நேரம் போட்டிருந்தது. அது கிரீன்விச் நேரம். நமக்குக் காலை ஐந்தரை. கணவாய்க் காற்று வலுப்பது வெயில் ஏறிய பிறகு. வெளியே பிற்பகல் மூன்றரை. நேரத்தைத் தள்ளிப் பார்த்தபோது அம்பு கொஞ்சம் வளர்ந்தது. காற்றாடி அளவுக்கு வளரவில்லை.